விற்பனையில் முதல் வேலை தேடுபவரின் லிங்க்ட்இன் அறிமுகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிங்க்ட்இன்ல About-னு ஒரு பகுதி இருக்கு. இப்பதான் டிகிரி முடிச்சேன், அதுல எழுத ஒண்ணும் இல்ல. காலியா விட்டுட்டா என்ன?

வேறு துறை என்றால் விட்டுவிடலாம். கணக்காளர் வேலைக்கோ நிரல் எழுதும் வேலைக்கோ ஆள் எடுப்பவர் மதிப்பெண், சான்றிதழ், செய்த புராஜெக்ட் என்று பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றன. விற்பனையில் புதிதாக வருபவரிடம் அப்படிப் பார்க்க அதிகம் இல்லை. எந்தப் பட்டம் என்பதைக்கூடப் பல நிறுவனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தெரியாத ஒருவரிடம் போய்ப் பேசுவாரா, இல்லை என்று சொன்னால் மறுநாளும் போவாரா, போனதைக் கணக்கு வைத்துக்கொள்வாரா என்ற மூன்றும்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். படிப்பு, அனுபவம் என்று வரிசையாகப் போகும் மற்றப் பகுதிகளில் இதைச் சொல்ல இடமில்லை. About பகுதியில்தான் உங்கள் சொந்த வார்த்தையில் நாலு பத்தி எழுத முடியும். அதனால் காலியாக விடாதீர்கள்.

அதற்காக ஏதாவது எழுதி நிரப்பினாலும் பயனில்லை. இந்த மாதிரிப் பத்தியை நீங்களே நிறையப் பார்த்திருப்பீர்கள்:

> கடின உழைப்பும் இலக்கு நோக்கிய அணுகுமுறையும் கொண்ட வணிகவியல் பட்டதாரி. சிறந்த பேச்சுத்திறனும் குழுவாக இயங்கும் திறனும் உடையவன். வளர்ச்சி வாய்ப்புள்ள புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியை எதிர்பார்க்கிறேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் பெயரைப் போட்டாலும் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்காது. மேலாளருக்கு இதைப் படித்த பிறகு உங்களைப் பற்றி முன்பு தெரிந்ததைவிடக் கூடுதலாக எதுவும் தெரியாது.

விற்பனை அனுபவமே இல்லையே, எதை வச்சு எழுதுறது?

பணமோ நேரமோ கையெழுத்தோ, முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்க் கேட்டு வாங்கிய சந்தர்ப்பம் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கல்லூரி விழாவுக்கு ஸ்பான்சர் பிடித்தது, ரத்த தான முகாமுக்கு ஆள் சேர்த்தது, தீபாவளி சமயத்தில் துணிக்கடையில் நின்றது, புத்தகக் காட்சியில் ஒரு ஸ்டாலைப் பார்த்துக்கொண்டது, அம்மா செய்யும் பொடி வகைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்தது, டியூஷன் சென்டருக்காகப் பெற்றோர்களுக்குப் போன் செய்தது, எல்லாம் கணக்கில் வரும். அப்பாவின் மளிகைக் கடையில் பள்ளி நாள் முதல் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ஆள் எடுப்பவர் பார்வையில் பல சான்றிதழ்களைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சம்பவம் கிடைத்துவிட்டால் அதிலிருந்து எடுக்க வேண்டியவை நாலு: எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள், அதற்குப் பிறகு நீங்கள் எதை மாற்றிக்கொண்டீர்கள். முதல் எண்ணைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ‘விழாவுக்கு 60,000 ரூபாய் திரட்டினேன்’ என்று மட்டும் எழுதினால், மாமா ஒருவர் ஒரே காசோலையில் கொடுத்திருப்பாரோ என்று படிப்பவர் நினைக்கலாம். 48 கடை ஏறி 12 கடையில் வாங்கியது என்றால் அது வேறு கதை.

அப்போ மறுத்தவங்க எண்ணிக்கையும் வெளிய தெரிஞ்சிடுமே? 48-ல 36 பேர் இல்லைன்னு சொன்னாங்கன்னா அது தோல்விதானே?

விற்பனைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அப்படித் தோன்றும். உள்ளே இருப்பவர்களின் அன்றாடக் கணக்கே வேறு. சோப்பு, பிஸ்கட் விற்கும் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிக்கு ஒவ்வொரு நாளும் போக வேண்டிய கடைகளின் வரிசை இருக்கும். அதை ‘பீட்’ என்பார்கள். மாலையில் அவர் கொடுக்கும் கணக்கில், ஏறிய கடைகள் எத்தனை என்பது ஒரு எண், ஆர்டர் விழுந்த கடைகள் எத்தனை என்பது இன்னொரு எண். இரண்டாவதை ‘புரொடக்டிவ் கால்’ என்பார்கள். போனில் மென்பொருள் விற்பவருக்கும் இதே கதைதான்: பேசிய அழைப்புகள், அதில் டெமோவுக்குச் சம்மதித்தவர்கள், அதில் வாங்கியவர்கள். மேலே போகப் போக எண் பெரிது, கீழே வர வரச் சிறிது. மேலே உள்ள எண் இல்லாமல் கீழே உள்ளதை மட்டும் சொன்னால், ஒரு மேலாளருக்கு அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

நாலில் ஒருவர் சம்மதிப்பது மோசமும் இல்லை. முன்பின் அறிமுகமில்லாதவர்களுக்குப் போன் செய்கிற வேலையில் அந்த அளவு கிடைத்தால் கொண்டாடுவார்கள். ஸ்பான்சர் வசூலில் கல்லூரியின் பெயரும் உதவி செய்திருக்கும், அதை மேலாளரும் அறிவார். இருந்தாலும் 36 பேர் மறுத்த பிறகும் கணக்கு எழுதிக்கொண்டு நடந்த ஒருவர் என்பது அவர் கண்ணில் படும்.

சரி, ஒரு உதாரணம் எடுத்து முழுசா எழுதிக் காட்ட முடியுமா?

மதுரையில் பி.காம். முடித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பாத்திரம்தான், எண்களும் உதாரணத்துக்குத்தான். சென்னையில் ஏதாவது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இன்சைட் சேல்ஸ் வேலை, அதாவது உட்கார்ந்த இடத்திலிருந்தே போனிலும் மின்னஞ்சலிலும் விற்கும் வேலை, அவருக்கு வேண்டும். சில நிறுவனங்கள் அதையே எஸ்.டி.ஆர்., அதாவது சேல்ஸ் டெவலப்மென்ட் ரெப்ரசென்டேட்டிவ் என்கின்றன. கையில் இருப்பது துறை விழாவுக்கு விளம்பரம் பிடித்த அனுபவம் ஒன்றுதான்.

முதலில் அவரை நடந்ததைச் சொல்லச் சொல்ல வேண்டும், எழுதுவது அப்புறம். மாசி வீதிகளில் 48 கடைகள் ஏறினார். முதல் சுற்றில் சம்மதித்தவை 5 மட்டும். மீதி 43 கடைகளில் பாதிப் பேர் சுத்தமாக மறுத்துவிட்டார்கள். இன்னொரு பாதி ‘முதலாளி இல்லை’, ‘அடுத்த வாரம் வாம்மா’, ‘போன வருஷம் கொடுத்தோம், பேனர்ல எங்க பேரு எங்க இருந்துச்சுனே தெரியல’ என்று சொன்னவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் 20 கடைகளுக்கு மறுபடி போனார். இந்த முறை அந்தந்தக் கடைப் பெயரைப் போட்டு, பேனர் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரியை அச்சடித்துக் கையில் எடுத்துப் போனார். மாலையில் கூட்டம் இருக்கும் என்பதால் முற்பகலில் போனார். 7 கடைகள் சம்மதித்தன. ஆக மொத்தம் 12. துண்டுப்பிரசுரத்துக்கு 3,000, பேனருக்கு 5,000, மேடைத் திரைக்கு 10,000 என்று மூன்று விலை வைத்திருந்தார். முறையே 5, 5, 2 கடைகள். கூட்டினால் 60,000 ரூபாய்.

இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு அறிமுகம் இப்படி அமையும்:

> கல்லூரி விழாவுக்கு விளம்பரம் கேட்டு மதுரை மாசி வீதிகளில் 48 கடைகள் ஏறினேன். 12 கடைகள் கொடுத்தன. அவற்றில் 7 கடைகள் முதல் முறை மறுத்தவை. சென்னையில் இன்சைட் சேல்ஸ் அல்லது எஸ்.டி.ஆர். வேலை தேடுகிறேன்.
>
> மறுத்தவர்களில் பலர் சொன்ன காரணம், போன வருடம் பணம் கொடுத்தும் பேனரில் தங்கள் பெயர் கண்ணில் படவில்லை என்பது. அதனால் இரண்டாம் முறை அவர்கள் கடைப் பெயர் போட்ட பேனர் மாதிரியை அச்சடித்து எடுத்துப் போனேன். ‘அப்புறம் வா’ என்றவர்கள் யார், வேண்டவே வேண்டாம் என்றவர்கள் யார் என்று கூகுள் ஷீட்டில் பிரித்து வைத்திருந்ததால், 20 கடைகளுக்கு மட்டும் திரும்பப் போனால் போதுமானதாக இருந்தது. மொத்தம் 60,000 ரூபாய் சேர்ந்தது.
>
> அந்தப் பட்டியலையே ஹப்ஸ்பாட்டின் இலவசப் பதிப்பில் ஏற்றி, பாலோ-அப் தேதிகள் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.
>
> பி.காம்., 2025. தமிழ் தாய்மொழி, ஆங்கிலத்தில் போனில் பேசுவேன். சென்னைக்கு வரத் தயார், உடனே சேரலாம். (மின்னஞ்சல்)

‘கடின உழைப்பு’ என்ற வார்த்தை இதில் எங்கும் இல்லை. ‘பேச்சுத்திறன்’ என்பதும் இல்லை. ஒரு மேலாளர் இதைப் படித்தால் இரண்டாம் பத்தியில் நிச்சயம் நிற்பார். யாரிடம் திரும்பப் போக வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று பிரிப்பதற்குத்தான் விற்பனையில் ‘குவாலிஃபை பண்ணுவது’ என்று பெயர். இந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆனால் வேலையைச் செய்திருக்கிறார். அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துப் பத்தியில் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. படிப்பவரே அதைக் கண்டுகொண்டால்தான் மதிப்பு அதிகம்.

ஹப்ஸ்பாட் பற்றிய வரி சிலருக்கு உறுத்தலாம். வாடிக்கையாளர் விவரங்களையும் தொடர் பேச்சையும் பதிந்துவைக்கும் சி.ஆர்.எம். மென்பொருள் அது. இன்சைட் சேல்ஸ் வேலையில் நாள் முழுக்க அப்படி ஒன்றின் முன்தான் உட்கார வேண்டியிருக்கும், ஹப்ஸ்பாட்டாகவோ சோஹோவாகவோ ஃப்ரெஷ்வொர்க்ஸாகவோ இருக்கும். இலவசமாகக் கிடைப்பதில் தன் சொந்தப் பட்டியலை ஏற்றிப் பார்த்தேன் என்பது, அதன் சான்றிதழை வாங்கினேன் என்பதைவிடக் கனமான செய்தி. ஆனால் உண்மையிலேயே செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.

முதல் வரியில என்ன இருக்கணும்? ‘வணக்கம், என் பேர் இன்னது’னு ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். பெயர் மேலே பெரிதாக இருக்கிறது. About பகுதியைத் திறந்ததும் முழுப் பத்தியும் தெரியாது. தொடக்கத்தில் சில வரிகள் மட்டும் தெரியும், மீதியைப் படிக்க அழுத்த வேண்டும். கைபேசியில் இன்னும் குறைவாகத்தான் தெரியும். அந்தச் சில வரிகளுக்குள் ஒரு சம்பவம், அதன் எண், என்ன வேலை வேண்டும் என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் முதல் பத்தி அப்படித்தான் இருக்கிறது. எழுதி ஏற்றிய பிறகு ஒரு நண்பரின் போனில் உங்கள் பக்கத்தைத் திறந்து, எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

மேற்கோள்களோடு ஆரம்பிப்பவர்களும் இருக்கிறார்கள். யாரோ ஒரு பெரியவர் சொன்னதைப் படிக்க ஆள் எடுப்பவர் உங்கள் பக்கத்துக்கு வரவில்லை.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

லிங்க்ட்இன் அனுமதிப்பது 2,600 எழுத்துகள் வரை, இடைவெளியும் சேர்த்து. அதை நிரப்ப வேண்டும் என்று அவசியமில்லை. முதல் வேலை தேடுபவருக்கு அதில் பாதியே தாராளம். பத்திகளுக்கு நடுவில் ஒரு வெற்று வரி விடுங்கள். தடித்த எழுத்து வசதி அங்கே கிடையாது. அதற்காகச் சிலர் வேறு தளங்களில் போய் அலங்கார எழுத்துகளை எடுத்துவந்து ஒட்டுகிறார்கள். தேடும்போது அவை சரியாகச் சிக்காமல் போகலாம், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பானும் அவற்றில் தடுமாறும். தவிர்த்துவிடுங்கள்.

எந்த விற்பனை வேலை கிடைச்சாலும் போவேன். பொதுவா ‘சேல்ஸ்’னு மட்டும் போட்டா வாய்ப்பு அதிகமாகாதா?

குறையத்தான் செய்யும். விற்பனை என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து வேலைகள் இருக்கின்றன. நுகர்பொருள் நிறுவனத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வெயிலில் கடை கடையாக ஏறுபவர் வேண்டும். அங்கே இருசக்கர வண்டியும் உரிமமும் இருப்பது About பகுதியில் எழுத வேண்டிய தகவல். மருந்து நிறுவனம் பெரும்பாலும் பி.ஃபார்ம். அல்லது உயிரியல் சார்ந்த பட்டம் இருப்பவரைத் தேடும். மருத்துவரின் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பொறுமை அங்கே தேவை. வங்கி, காப்பீட்டு விற்பனையில் உள்ளூரில் எத்தனை பேரைத் தெரியும் என்பது முக்கியம். மென்பொருள் நிறுவனத்தின் இன்சைட் சேல்ஸ் என்றால் போன், மின்னஞ்சல், திரை. அமெரிக்க வாடிக்கையாளர்களைக் கையாளும் குழுவாக இருந்தால் இரவு ஷிஃப்டும் வரும்.

நாலுக்கும் சேர்த்து ஒரு பத்தி எழுதினால் நாலு மேலாளர்களும் ‘இவர் நமக்கு இல்லை’ என்று கடந்துபோவார்கள். ஒன்றை, அதிகம் போனால் நெருங்கிய இரண்டைத் தேர்ந்தெடுங்கள். வேறு வகை வேலைக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. அதற்கு ரெஸ்யூமேயை மாற்றிக்கொள்ளலாம். லிங்க்ட்இன் பக்கம் ஒன்றுதான் இருக்கும்.

வேலையின் பெயரிலும் கவனம் தேவை. ஒரே வேலையை ஒரு நிறுவனம் பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ் என்கிறது, இன்னொன்று எஸ்.டி.ஆர். என்கிறது, மூன்றாவது இன்சைட் சேல்ஸ் அசோசியேட் என்கிறது. ஆள் தேடுபவர்கள் இந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்துதான் தேடுகிறார்கள். நீங்கள் விரும்பும் நிறுவனங்களின் விளம்பரங்களில் பத்தை எடுத்து, அதிகம் வரும் இரண்டு பெயர்களை About-இலும் பெயருக்குக் கீழே வரும் Headline வரியிலும் அப்படியே போடுங்கள். Headline-க்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் அங்கே ‘இன்ன கல்லூரி மாணவர்’ என்பதுபோல் ஒன்று தானாக வந்து உட்கார்ந்திருக்கும். விற்பனைக்கு ஆள் தேடுபவரின் வலையில் அது விழாது.

12 கடையை 25-னு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?

நேர்காணலில் தெரிந்துவிடும், அதுவும் முதல் ஐந்து நிமிடத்தில். விற்பனை மேலாளர்கள் கணக்கிலேயே வாழ்பவர்கள். ‘25 கடை, 60,000 ரூபாய், அப்போ கடைக்கு சராசரி 2,400. குறைந்தபட்ச விலை என்ன வைத்திருந்தீர்கள்?’ என்று கேட்பார்கள். 3,000 என்று பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டால் முடிந்தது, குறைந்தபட்சத்தைவிடச் சராசரி கீழே போக முடியாதே. உண்மையான எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. 60,000-ஐ 12-ஆல் வகுத்தால் 5,000; மூன்று விலைகளின் கணக்கும் பொருந்துகிறது.

அடுத்து இப்படிக் கேட்பார்கள்: ‘முதல் சுற்றில் 43 பேர் மறுத்தார்களே, ஏன் 20 பேரிடம் மட்டும் திரும்பப் போனீர்கள்?’ ‘10,000 கொடுத்த கடைக்காரரிடம் என்ன சொன்னீர்கள், அப்படியே என்னிடம் சொல்லுங்கள், நான்தான் கடைக்காரர்.’ இரண்டாவது கேள்வி வந்தால், அது அநேகமாக நேர்காணலின் மையப்பகுதி. நடந்ததைச் சொல்பவருக்கு இது எளிது. அதனால் About எழுதி முடித்ததும் அதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு நிமிடம் பேச முடிகிறதா என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பேச முடியாத எண்ணை எடுத்துவிடுங்கள்.

சரியான எண் நினைவில்லை என்றால் ‘ஏறக்குறைய 50 கடைகள்’ என்று எழுதுவதில் தவறில்லை. குழுவாகச் செய்ததை ‘நாங்கள் ஐந்து பேர்’ என்றும், அதில் உங்கள் பங்கு எது என்றும் பிரித்துச் சொல்லுங்கள். அதே குழுவில் இருந்த இன்னொருவரும் அதே வேலைக்கு வரக்கூடும்.

எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். தமிழ்ல எழுதலாமா?

ஆள் தேடுபவர்கள் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத்தான் தேடுகிறார்கள் என்பதால், பக்கம் ஆங்கிலத்தில் இருப்பது நடைமுறைக்கு நல்லது. ஆனால் யோசிப்பதும் முதல் வரைவும் தமிழிலேயே இருக்கட்டும். நேராக ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் கை தானாக ‘ஹைலி மோட்டிவேட்டட்’, ‘ரிசல்ட் ஓரியன்டட்’ என்று போய்விடும், ஏனென்றால் நாம் பார்த்த ஆங்கில ரெஸ்யூமேக்கள் அப்படித்தான் இருந்தன. தமிழில் எழுதினால் கடைக்காரர் சொன்னதுதான் முதலில் வரும். பிறகு அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள்: போனேன், கேட்டேன், மறுத்தார்கள், மாற்றினேன். இறந்தகால வினைகள் சரியாக இருந்தால் போதும். அலங்கார ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, போனில் கூப்பிடும்போது வேறு மாதிரிப் பேசினால் அந்த இடைவெளி உடனே தெரியும்.

தமிழ் பேசுவதை ஒரு குறையாக நினைத்து மறைப்பவர்கள் உண்டு. சென்னை, கோவையில் உள்ளூர் வியாபாரிகளுக்கு விற்கும் நிறுவனத்தில் அது நேரடித் தகுதி. கூடவே தெலுங்கோ மலையாளமோ இந்தியோ பேச்சளவில் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ‘பேசுவேன், எழுத வராது’ என்று அளவோடு சொல்லுங்கள். இந்தியில் திடீரென்று ஒரு கேள்வி வந்து விழக்கூடும்.

Open to Work பச்சை வளையம் போட்டா மதிப்பு குறையுமா?

புதியவருக்குக் குறையாது. வேலை தேடுகிறீர்கள் என்பது ரகசியம் இல்லையே. ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரியும் வைக்கலாம், எல்லோருக்கும் தெரிகிற பச்சை வளையத்தோடும் வைக்கலாம். எதை வைத்தாலும் அதற்குள் கேட்கும் வேலைப் பெயர்களையும் ஊர்களையும் நிரப்புங்கள். தேனியில் இருந்துகொண்டு சென்னை வேலை தேடுபவர் அங்கே சென்னையைச் சேர்க்காவிட்டால், ஊரை வைத்து வடிகட்டும்போது விடுபட்டுப் போக வாய்ப்பிருக்கிறது.

எல்லாம் சரியா எழுதி ஒரு மாசம் ஆச்சு. ஒருத்தரும் கூப்பிடல. About-ஐ மாத்தி எழுதணுமா?

உடனே மாற்றாதீர்கள். எங்கே அடைப்பு என்று முதலில் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே, உங்களுக்கு மட்டும் தெரியும் Analytics பகுதியில் இரண்டு எண்கள் இருக்கும்: தேடலில் எத்தனை முறை வந்தீர்கள், எத்தனை பேர் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள்.

தேடலிலேயே வரவில்லை என்றால் About-ஐக் குறை சொல்லிப் பயனில்லை, அதுவரை யாரும் வந்திருக்கவே மாட்டார்கள். Headline, ஊர், Skills பகுதி, வேலைப் பெயர் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தேடலில் வருகிறீர்கள், ஆனால் திறப்பவர்கள் குறைவு என்றால் பெரும்பாலும் Headline அல்லது புகைப்படம். பேருந்து நிலையத்தில் எடுத்த செல்ஃபியை மாற்றிவிட்டு, வெளிச்சமான சுவருக்கு முன் ஒன்று எடுத்துப் போட்டால் போதும், ஸ்டூடியோவுக்குப் போக வேண்டியதில்லை. திறந்து பார்க்கிறார்கள், ஆனால் யாரும் எழுதுவதில்லை என்றால்தான் About மீது சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முழுவதையும் கலைக்காமல் முதல் மூன்று வரியை மட்டும் மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்து பார்த்துக் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பது விற்பனை வேலை தேடுபவருக்கு அவ்வளவு பொருந்தாது. நீங்கள் விரும்பும் நிறுவனத்தின் விற்பனை மேலாளருக்கு நீங்களே ஒரு சிறு குறிப்போடு இணைப்புக் கோரிக்கை அனுப்பலாம். குறிப்பைப் பார்த்ததும் அவர் உங்கள் பக்கத்தைத்தான் திறப்பார். About படிக்கப்பட அதுவும் ஒரு நல்ல வழி. எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று ஷீட்டில் எழுதி வையுங்கள். நேர்காணலில் அதைக் காட்டலாம்.

போன் நம்பரை About-ல போடலாமா?

மின்னஞ்சல் போதும். About பகுதியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வேலை தேடும் புதியவர்களின் எண்களைத் திரட்டுபவர்கள் இருக்கிறார்கள். எண்ணை Contact info பகுதியில் வைத்தால் உங்களோடு இணைந்தவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். எப்படியும் சில அழைப்புகள் வரும். பயிற்சிக் கட்டணம், டெபாசிட், லேப்டாப் பணம் என்று எதையாவது முன்கூட்டிக் கட்டச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்’ என்றால் அது மோசடி என்று அர்த்தமில்லை, காப்பீட்டு முகவர் வேலை காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது. ஆனால் விளம்பரத்தில் மாதச் சம்பளம் என்று போட்டுவிட்டு நேரில் கமிஷன் என்று மாற்றினால், எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

வேலை கிடைச்ச பிறகு இதை அப்படியே விட்டுடலாமா?

சேர்ந்த முதல் வாரம் ‘வேலை தேடுகிறேன்’ என்ற வரியையும் Open to Work-ஐயும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புது மேலாளர் பார்த்துச் சங்கடப்படுவார். மாசி வீதிக் கதை ஆறு மாதம், ஒரு வருடம் இருக்கட்டும். முதல் டார்கெட்டை முடித்ததும் அந்த இடத்தில் புது எண் வரும். நிறுவனத்தின் வருமானம், வாடிக்கையாளர் பெயர் போன்றவற்றை வெளியில் எழுதலாமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் சதவீதமாக எழுதலாம், தொகையாக எழுதக் கூடாது என்பார்கள்.